தோசைக்கல்லுக்குக் கீழே ஏழு கேள்விகள்
விற்பனைப் பக்கத்தின் கேள்வி-பதில் பகுதி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இணையத்தில் வார்ப்பிரும்புத் தோசைக்கல் விற்பவர்களுக்கு ஒரு பட்டியல் மனப்பாடமாகவே இருக்கும். "இண்டக்‌ஷன்ல வைக்கலாமா?", "எத்தன கிலோ?", "துரு பிடிக்குமா?", "வாங்கின அன்னைக்கே தோசை வருமா?", "உடைஞ்சு வந்தா என்ன பண்றது?" ஒவ்வொரு நாளும் வேறு வேறு எண்களிலிருந்து இதே கேள்விகள் வாட்ஸ்அப்பில் வந்து விழும். பதில் போவதற்கு இரண்டு மணி நேரம் தாமதமானால், கேட்டவர் அதற்குள் வேறு கடையில் வாங்கியிருப்பார்.

இந்தக் கேள்விகளைத் தொகுத்துப் பக்கத்தின் அடியில் பதிலோடு வைப்பது எளிய வேலையாகத் தெரியும். நடைமுறையில் பெரும்பாலான கடைகளின் கேள்வி-பதில் பகுதியில் வாங்குபவர் கேட்டது இருக்காது, விற்பவர் சொல்ல விரும்பியதே இருக்கும். ஆகவே 12 அங்குல வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்றையே எடுத்துக்காட்டாக வைத்து இந்தப் பகுதியை எழுதும் முறையைப் பார்ப்போம். பழக்கப்படாத, 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள, இரண்டு காது வைத்த, அடி தட்டையான கல் என்று வைத்துக்கொள்வோம்.

செய்ய வேண்டியவை

1. கேள்வியைக் கேட்டவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகமோ எக்செல் தாளோ போதும். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விவரம் குறியுங்கள்: அவர் கேட்ட சொற்கள், கேட்டது வாங்கும் முன்பா பின்பா, பதில் கிடைத்ததும் வாங்கினாரா இல்லையா. வாட்ஸ்அப் உரையாடலோடு நிறுத்திவிடாமல் தொலைபேசியில் வந்தவை, திருப்பி அனுப்பியவர்கள் சொன்ன காரணங்கள், மூன்று நட்சத்திர விமர்சனங்கள் ஆகியவற்றையும் சேருங்கள். மூன்று நட்சத்திரம் கொடுப்பவர் பெரும்பாலும் பொருளைக் குறை சொல்வதில்லை. "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்பதைத்தான் அவர் வேறு சொற்களில் சொல்கிறார்.

சொற்களை மாற்றாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. "கல் தரும் உலோகச் சுவை" என்று நீங்கள் எழுதினால் யாருக்கும் தன் சந்தேகம் அதுதான் என்று புரியாது. "முதல் தோசை கறுப்பா வருதே, கெமிக்கலா?" என்று எழுதினால் அதே பயம் உள்ள ஒவ்வொருவரும் அங்கே நின்று படிப்பார்கள்.

2. கேள்விகளைச் சொல்லால் பிரிக்காமல் சந்தேகத்தால் சேருங்கள்.

"எத்தன கிலோ?", "ரொம்ப கனமா?", "எங்க அம்மாவுக்கு அறுபத்தஞ்சு வயசு, தூக்க முடியுமா?" ஆகிய மூன்றும் ஒரே சந்தேகம். ஆனால் "3 கிலோ" என்ற பதில் முதல் கேள்விக்கு மட்டுமே போதும். மூன்றாமவர் கேட்டது எடையை அல்ல. ஒரு கையில் பிடித்துக் கழுவ முடியுமா, அடுப்பிலிருந்து இறக்க முடியுமா என்பதைத்தான் அவர் கேட்டார். ஒரே குவியலில் உள்ள கேள்விகளில் விளக்கம் அதிகம் தேவைப்படுவது எதுவோ அதற்குப் பதில் எழுதினால் மற்றவற்றுக்கும் பதில் சொன்னதாகிவிடும்.

இங்கே ஒரு கணக்கும் உதவும். 6 மில்லிமீட்டர் தடிமனில் 12 அங்குலக் கல் 3 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். 10 அங்குலக் கல் 2 கிலோவுக்குச் சற்று மேல். விட்டம் இரண்டு அங்குலம்தான் குறைகிறது என்றாலும் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் குறைவதால் எடையில் ஏறத்தாழ ஒரு கிலோ போய்விடுகிறது. வாங்குபவர் இதை ஊகிக்க மாட்டார். நீங்கள் சொன்னால் பெரிய கல்லை வாங்கித் திருப்பி அனுப்புவதற்குப் பதிலாகச் சிறிய கல்லை வாங்குவார்.

3. ஒரே சொல்லில் பதில் முடிகிற கேள்வியைப் பக்கத்தின் மேலே கொண்டுபோங்கள்.

விட்டம், எடை, தடிமன், பழக்கியதா பழக்காததா, அடி தட்டையா குழியா: இவை கேள்வி-பதிலில் இருக்க வேண்டியவை அல்ல. படத்துக்குப் பக்கத்தில், விலைக்குக் கீழே இருக்க வேண்டியவை. இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்றால் மேலே உள்ள விவரத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அங்கேயே அடைத்துவிட்டு, "ஆம், ஆனால்..." என்று தொடங்க வேண்டிய கேள்விகளை மட்டும் கீழே வையுங்கள்.

இப்படிச் சலித்தால் முப்பது கேள்விகள் ஆறேழாகச் சுருங்கிவிடும். அந்த அளவே போதும். பதினைந்தைத் தாண்டினால் கைப்பேசியில் யாரும் அடிவரை உருட்டிப் படிக்க மாட்டார்கள்.

4. முதல் வாக்கியத்திலேயே பதிலைச் சொல்லுங்கள்.

ஆம், இல்லை, இத்தனை, இத்தனை நாள் என்பது முதலில் வர வேண்டும். அதன் பின் எந்த நிலையில் அது மாறும் என்பது, கடைசியாக வாங்குபவர் செய்ய வேண்டியது. இண்டக்‌ஷன் கேள்வியையே பாருங்கள். வார்ப்பிரும்பு காந்தத்தில் ஒட்டும் உலோகம், ஆகவே இண்டக்‌ஷனில் சூடாகும். பதில் "ஆம்". ஆனால் அடி தட்டையாக இருந்தால்தான். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பின் சுருள் பெரும்பாலும் 12 அங்குலக் கல்லைவிடச் சிறியது, எனவே நடுப்பகுதி முதலில் காயும், ஓரம் பின்தங்கும். எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் வைத்தால் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தில் கல் விரிசல் விடவும் கூடும். குறைந்த வேகத்தில் சில நிமிடம் காயவிட்டுப் பிறகு ஏற்ற வேண்டும். இவ்வளவும் நான்கு வாக்கியத்தில் அடங்கும்.

5. விற்பனையைக் குறைக்கும் பதிலையும் எழுதுங்கள்.

"துரு பிடிக்குமா?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் "பிடிக்கும்" என்பதுதான். ஈரத்தோடு வைத்தால் ஒரே இரவில் பிடிக்கும். இதை எழுதினால் சிலர் வாங்காமல் போவார்கள். அவர்கள் பாத்திரத்தைத் தொட்டியில் ஊறப்போட்டு மறுநாள் கழுவுபவர்கள்; வாங்கியிருந்தால் இரண்டாம் வாரம் துருப்பிடித்த கல்லின் படத்தை உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். கனமான கல்லைத் திருப்பி வாங்கும் கூரியர் செலவு, பல சமயம் அந்த விற்பனையில் கிடைத்த லாபத்தைவிடப் பெரியது.

பிடிக்கும் என்று சொன்ன கையோடு, பிடித்தால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். மேலாகப் படிந்த துரு கல்லின் முடிவு அல்ல. கல்லுப்பும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்து, கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, எண்ணெய் தடவினால் சரியாகிவிடும். இதையும் படிப்பவருக்கு "பிடிக்கும்" என்ற சொல்லின் பயம் பாதியாகும்.

6. ஒவ்வொரு புதுச் சரக்கு வந்ததும் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

வார்ப்பாலை மாறினால் கல்லும் மாறும். போன சரக்கில் தட்டையாக இருந்த அடியில் இந்த முறை ஒரு வளையம் இருக்கலாம். அந்த வளையம் இண்டக்‌ஷன் கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே இடைவெளி விடும், அடுப்பு கல்லை உணராமலே போகலாம். பழைய பதில் அன்றிலிருந்து பொய்யாகிவிடுகிறது. தராசில் வைத்து எடை பார்ப்பதும், அடியில் அளவுகோலை நிறுத்தி வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதும் பத்து நிமிட வேலை.

செய்யக்கூடாதவை

1. யாரும் கேட்காத கேள்வியைப் போடாதீர்கள்.

"உங்கள் தோசைக்கல் ஏன் தனித்துவமானது?" என்று எந்த வாடிக்கையாளரும் வாட்ஸ்அப்பில் கேட்டதில்லை. இப்படி ஒரு கேள்வியைப் பார்த்ததுமே இது விளம்பரம் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அடுத்து வரும் உண்மையான பதிலையும் அதே கண்ணோடுதான் படிப்பார். கூகுள் தேடலுக்காக ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிக் கேள்விகளில் நுழைப்பதும் இதே வகை. தேடல் முடிவுகளில் கேள்வி-பதில்களை விரித்துக் காட்டும் வசதியை, பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் 2023 ஆகஸ்டிலேயே சுருக்கிவிட்டது. கடைக்காரர்களுக்கு அந்த ஆதாயம் அப்போதே போய்விட்டது. எழுதுவது வாங்குபவருக்காக மட்டும் இருக்கட்டும்.

2. "ஒருபோதும்", "நூறு சதவீதம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

"முதல் தோசையிலிருந்தே ஒட்டாது" என்ற வரி நாலு பேரை வாங்கவைக்கும், அந்த நாலு பேரையும் கோபத்தோடு திரும்பி வரவைக்கும். சட்டப்படியும் இது சிக்கல். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, இணையச் சந்தைகளில் விற்பவர் குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திருப்பி எடுக்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக்கூடாது. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் எழுதிய பதிலும் நீங்கள் சொன்னதுதான். "துருவே பிடிக்காது" என்று எழுதிவிட்டுத் துருப்பிடித்த கல்லைத் திருப்பி எடுக்க மறுக்க முடியாது.

3. பதிலில் வாங்கியவர் மேல் பழி போடாதீர்கள்.

"சரியாகப் பழக்கத் தெரியாதவர்களுக்கு மட்டுமே ஒட்டும்" என்று எழுதுவது, ஏற்கெனவே தோசை கிழிந்து நிற்பவரைத் திட்டுவது. அவருக்குத் தேவை அடையாளம் காணும் வழி. கல் பிசுபிசுப்பாக இருந்தால் எண்ணெயைக் கனமாகத் தடவியிருக்கிறார். நன்றாகக் காயவைத்துத் துடைத்து, மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். கல் வெளிறிச் சாம்பல் நிறமாக இருந்தால் அடுக்கு இன்னும் பிடிக்கவில்லை. மீண்டும் இரண்டு மூன்று முறை எண்ணெய் காட்ட வேண்டும். மாவை ஊற்றியதும் கரண்டியோடு சுருண்டு வந்தால் கல் அதிகம் காய்ந்துவிட்டது; தண்ணீர் தெளித்துத் துடைத்து, தீயைக் குறைத்து ஊற்ற வேண்டும். இப்படி மூன்று அடையாளம் கொடுத்தால் அவரே தன் பிழையைக் கண்டுபிடித்துக்கொள்வார். உங்களைத் திட்டவும் மாட்டார்.

4. அடுத்த கடையின் பதிலைப் படியெடுக்காதீர்கள்.

அவர் விற்பது பழக்கிய கல்லாக இருக்கலாம், உங்களுடையது பழக்காததாக இருக்கலாம். பழக்கிய கல்லில் தடவியிருப்பது சமையல் எண்ணெய், லேசாகக் கழுவினால் போதும். பழக்காத கல்லில் துருவைத் தடுக்க வேறு எண்ணெய் பூசியிருந்தால் அதைச் சோப்பும் வெந்நீரும் போட்டு முழுவதும் போக்க வேண்டும். "சோப்பு போடவே கூடாது" என்ற வரியை அங்கிருந்து எடுத்து இங்கே ஒட்டினால் உங்கள் வாடிக்கையாளர் அந்த எண்ணெயோடு தோசை சுடுவார். வார்ப்பிரும்புக்கும் தகட்டு இரும்புக்கும் இடையிலும் இதுபோல் வேறுபாடு உண்டு: தகடு கீழே விழுந்தால் நெளியும், வார்ப்பு விழுந்தால் உடையும்.

5. மருத்துவம் பேசாதீர்கள்.

இரும்புப் பாத்திரத்தில் சமைத்தால் உணவில் கொஞ்சம் இரும்பு சேரும், புளிப்பான பண்டத்தில் கூடுதலாகச் சேரும் என்பது உண்மை. அதை வைத்து "ரத்தசோகை தீரும்" என்று எழுதுவது உங்கள் வேலை அல்ல. எவ்வளவு சேர்கிறது, உடம்பு அதில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். யாராவது கேட்டால் "மருத்துவரிடம் கேளுங்கள்" என்ற ஒரு வரி போதும்.

6. "விவரங்களுக்கு அழைக்கவும்" என்று முடிக்காதீர்கள்.

அழைக்காமல் தெரிந்துகொள்ளத்தான் அவர் இதுவரை உருட்டி வந்திருக்கிறார். பதில் உங்களுக்கே தெரியவில்லை என்றால் கேள்வியை எடுத்துவிட்டு, தெரிந்துகொண்ட பிறகு சேருங்கள்.

சலித்தபின் கிடைக்கும் பகுதி

மேலே சொன்னபடி தொகுத்தால் நம் தோசைக்கல்லுக்கு இப்படி ஒரு பகுதி அமையும். வரிசை, வாங்கும் முடிவு எந்த இடத்தில் தடைபடுகிறதோ அதன்படி: முதலில் என் அடுப்பில் வேலை செய்யுமா, பிறகு என்னால் கையாள முடியுமா, பிறகு முதல் நாள், பிறகு பராமரிப்பு, கடைசியில் கூரியர்.

இண்டக்‌ஷன்ல வைக்கலாமா?
வைக்கலாம், அடி தட்டையானது. குறைந்த வேகத்தில் சில நிமிடம் காயவிட்டுப் பிறகு கூட்டுங்கள். ஓரம் நடுவைவிடத் தாமதமாகக் காயும். கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

ரொம்ப கனமா? வயசானவங்க தூக்கலாமா?
3 கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு காதையும் பிடித்துத் தூக்க வேண்டும், ஒரு கையால் கழுவுவது கஷ்டம். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு 10 அங்குலக் கல் ஏறத்தாழ ஒரு கிலோ குறைவு.

வாங்கின அன்னைக்கே தோசை சுடலாமா?
முடியாது, இது பழக்காத கல். சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றித் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவி, லேசாகப் புகையும்வரை வைத்து ஆறவிடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்யுங்கள். முதல் சில தோசைகளுக்கு எண்ணெய் தாராளமாக விட வேண்டும்.

தோசையில கறுப்பா ஒட்டுதே, கெமிக்கலா?
இல்லை. அது கருகிய எண்ணெய்த் துகள். வெள்ளைத் துணியால் கல்லைத் துடைத்துப் பாருங்கள்: கறுப்பாக வந்தால் எண்ணெய்க் கரி, செம்பழுப்பாக வந்தால் துரு. பழகப் பழகக் கரி வருவது குறையும்.

துரு பிடிக்குமா?
பிடிக்கும், ஈரத்தோடு வைத்தால். கழுவியதும் துடைத்து, அடுப்பில் ஒரு நிமிடம் காயவைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். பிடித்துவிட்டால் கல்லுப்பும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்து மீண்டும் எண்ணெய் காட்டுங்கள்.

புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு செய்யலாமா?
வேண்டாம். புளிப்பு எண்ணெய் அடுக்கை அரிக்கும், பண்டமும் கறுக்கும். தோசைமாவில் உள்ள புளிப்பு கல்லில் சில நிமிடமே இருப்பதால் பாதிப்பில்லை.

உடைஞ்சு வந்தா?
மாற்றிக் கொடுப்போம், அல்லது பணத்தைத் திருப்பித் தருவோம். கூரியர் செலவு எங்களுடையது. பிரித்ததும் கல்லின் காதைப் பிடித்துத் தூக்கி விரலால் தட்டிப் பாருங்கள். நல்ல கல் மணிபோல் ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் மந்தமாக ஒலிக்கும். படம் எடுத்து அனுப்புங்கள். வீட்டில் காய்ந்த கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றி விரிசல் விட்டால் எங்களால் மாற்ற இயலாது.

கடைசிப் பதிலில் கூரியர் உடைப்புக்கும் வீட்டில் நேரும் விரிசலுக்கும் இடையே கோடு எங்கே என்று வாங்கும் முன்பே சொல்லியிருக்கிறது. அதற்கான காரணமும் உள்ளே இருக்கிறது. காரணம் சொன்ன நிபந்தனையோடு சண்டைக்கு வருபவர்கள் குறைவு. "அன்பாக்சிங் வீடியோ இல்லாவிட்டால் எதுவும் கிடையாது" என்ற மிரட்டல் வரி இல்லாததையும் கவனியுங்கள். வீடியோ கேட்பதில் தவறில்லை, ஆனால் அது இல்லை என்ற ஒரே காரணத்தால் குறைபாடுள்ள பொருளின் பொறுப்பு உங்களிடமிருந்து போய்விடாது.

இந்தப் பகுதியைப் பக்கத்தில் போட்ட பிறகு நோட்டுப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அடுத்த மாதமும் "துரு பிடிக்குமா?" அதே அளவில் வந்தால் பதில் கண்ணில் படவில்லை அல்லது புரியவில்லை, மேலே நகர்த்துங்கள், சொற்களை மாற்றுங்கள். கேள்வி நின்றுபோய்த் திருப்பி அனுப்புவதும் குறைந்தால் பதில் வேலை செய்கிறது. கேள்வி நின்று, திருப்பி அனுப்புவது கூடினால் பதிலில் எங்கோ பொய் இருக்கிறது. முதலில் அதைத் திருத்துங்கள்.